115 சென்ரிமீற்றருக்குள் அடங்கியும் அளவு தப்பிய கைப்பெட்டி

ரொறன்ரோவிலிருந்து விடுமுறையில் வந்த உறவினர் ஒருவர், மாமிக்கென்று ஒரு சில்லுப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அதன் கைபிடியில் கட்டியிருந்த அட்டையில், விமானத்தினுள் கொண்டு செல்லும் பெட்டி என்ற குறிப்போடு “45 லீனியர் இஞ்சஸ்” என்று மட்டும் அச்சிட்டிருந்தார்கள். நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, தடிப்பு எவ்வளவு என்ற விபரம் எதுவும் இல்லை. மாமியோ பலாலியிலிருந்து சென்னைக்கு இண்டிகோ விமானத்தில் போய், அங்கே உறவினர் வீட்டில் சில நாட்கள் தங்கி, பிறகு ஏர் ஏசியா விமானத்தில் கோலாலம்பூரிலுள்ள மகளிடம் போவதற்குப் பயணச்சீட்டு எடுத்திருந்தார். இரண்டுமே மலிவுக் கட்டண விமானச் சேவைகள். இரண்டும் கைப்பெட்டியின் அளவைச் சென்ரிமீற்றரில், பக்கம் பக்கமாகவே சொல்கின்றன. நாங்கள் பார்த்தபோது இண்டிகோவின் எல்லை 55 × 35 × 25 ஆகவும், ஏர் ஏசியாவின் எல்லை 56 × 36 × 23 ஆகவும் இருந்தன.

வீட்டு வரைபடம் வரைவது என்னுடைய தொழில். மேசனும் தச்சரும் அடியிலும் அங்குலத்திலும் பேசுவார்கள், அனுமதிக்குக் கொடுக்கும் வரைபடத்தில் மீற்றர் அளவு இருக்க வேண்டும். ஆகையால் அளவு மாற்றும் வேலை என்றால் எங்கள் குடும்பத்தில் அது என்னிடம்தான் வந்து சேரும். மாமா அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, “தம்பி, இதை ஒருக்கா சென்ரிமீற்றருக்கு மாத்திச் சொல்லும், அவ்வளவுதான் வேலை” என்றார்.

லீனியர் அங்குலம் என்பது பெட்டியின் மூன்று பக்கங்களையும் கூட்டி வரும் தொகையாகும். அது நீளமுமல்ல, கொள்ளளவுமல்ல. விமானத்தின் அடிப்பகுதியில் ஏற்றும் பெரிய பெட்டிகளுக்கு 62 அங்குலம், அதாவது ஏறக்குறைய 158 சென்ரிமீற்றர், என்று பல நிறுவனங்கள் எல்லை வைத்திருப்பது இந்தக் கணக்கில்தான். அங்கே பெட்டி ஒடுக்கமாக உயர்ந்திருந்தாலும் அகன்று குட்டையாக இருந்தாலும் பெரிதாக எதுவும் மாறுவதில்லை என்பதால் ஒரே தொகை போதுமாகிறது. கைப்பெட்டியின் நிலை வேறு. ஆசனத்துக்கு மேலுள்ள தட்டின் கதவு மூட வேண்டும், அளவு பார்க்க வைத்திருக்கும் உலோகச் சட்டகத்தினுள் பெட்டி இறங்க வேண்டும். அவற்றுக்கு மூன்று பக்கங்களும் தனித்தனியே முக்கியமானவை. அமெரிக்க நிறுவனங்கள் பல கைப்பெட்டிக்கு 22 × 14 × 9 அங்குலம் என்று எல்லை வைத்திருக்கின்றன. அவற்றைக் கூட்டினால் வருவதுதான் 45. பெட்டி செய்பவர்கள் அந்தத் தொகையை மாத்திரம் எடுத்து அட்டையில் போட்டுவிடுகிறார்கள்.

மாமா கேட்டபடியே முதலில் மாற்றிப் பார்த்தோம். ஓர் அங்குலம் சரியாக 2.54 சென்ரிமீற்றர். இது கிட்டத்தட்டச் சொல்லும் எண்ணல்ல. 1959இல் அமெரிக்கா, பிரித்தானியா, கனடா உள்ளிட்ட நாடுகள் சேர்ந்து உடன்பட்ட முழுமையான வரையறை அது. ஆகவே 45ஐ 2.54ஆல் பெருக்கினால் 114.3 சென்ரிமீற்றர் வருகிறது. இண்டிகோவின் மூன்று எண்களையும் கூட்டினால் 115. ஏர் ஏசியாவின் மூன்றையும் கூட்டினாலும் அதே 115. இரண்டு இடத்திலும் ஏழு மில்லிமீற்றர் மிச்சம். “பிறகென்ன, ரெண்டிலையும் கொண்டு போகலாம்தானே” என்று மாமா பெட்டியை மூலையில் வைக்கப் போனார்.

ஒரே தொகையைக் கொண்ட இரண்டு எல்லைகள் ஏன் இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கின்றன என்ற கேள்விதான் என்னை அளவுநாடாவை எடுக்க வைத்தது. ஒரு நிறுவனம் 25 வரை தடிப்பை விடுகிறது, மற்றது 23இல் நிறுத்துகிறது. ஒன்று உயரத்தை 55இல் நிறுத்துகிறது, மற்றது 56 வரை விடுகிறது. 114.3 என்ற எண்ணை எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தாலும் அதிலிருந்து பெட்டியின் தடிப்பு 22ஆ 25ஆ என்று சொல்ல முடியாது. கூட்டிய பின் தொகையிலிருந்து பக்கங்களைத் திரும்பப் பிரித்தெடுக்க வழி இல்லை, பெட்டியை அளந்தே ஆக வேண்டும்.

அளப்பதற்குப் பெட்டியைச் சுவரோரம் நிமிர்த்தி நிறுத்தினேன். அளவுநாடாவை நேரே பெட்டியின் மேல் வைத்து அளந்தால் நாடா வளைவின் மேல் ஏறி இறங்கும், சில்லின் அடியும் கைபிடியின் உச்சியும் எங்கே முடிகின்றன என்பதும் கண்மட்டத்தில் தவறிவிடும். ஆகவே பெட்டியின் தலையில் ஒரு தடித்த புத்தகத்தை, அதன் ஓரம் சுவரில் முட்டும்படி மட்டமாக வைத்து, புத்தகத்தின் அடி சுவரில் தொடும் இடத்தில் பென்சிலால் கோடிட்டு, பெட்டியை அகற்றிவிட்டு, நிலத்திலிருந்து அந்தக் கோடு வரை அளப்பதே சரியான முறை. பிள்ளைகளின் உயரத்தைச் சுவரில் குறிப்பதும் இப்படித்தான். அகலத்தையும் தடிப்பையும் பெட்டியைத் திருப்பி நிறுத்தி இவ்வாறே குறித்துக்கொள்ளலாம். இழுத்து நீட்டும் கைபிடி உள்ளே தள்ளப்பட்டிருக்க வேண்டும். ஆனால் சில்லு, பக்கக் கைபிடி, முன்பக்கப் பை எல்லாம் அளவில் சேரும். கடையில் “20 இஞ்ச்” என்று விற்கும் பெட்டி பலவற்றில் அந்த 20 என்பது சில்லைச் சேர்க்காத உடம்பின் உயரமாகவே இருக்கிறது.

வீட்டிலிருந்த அளவுநாடா மாமாவின் பழைய தச்சு நாடா. அதில் அங்குலமும், அங்குலத்தை எட்டாகப் பிரித்த நூலும் மட்டுமே தெரிந்தன, மற்றப் பக்கம் தேய்ந்துவிட்டது. உயரம் சரியாக 22 அங்குலம் வந்தது. அகலம் 13 அங்குலமும் 6 நூலும். தடிப்பு 9 அங்குலமும் 2 நூலும். மாமா அவற்றைக் கடதாசியில் 22, 13.6, 9.2 என்று எழுதிக்கொண்டார். தச்சு வேலையில் அப்படி எழுதினால் எவரும் பிழையாக விளங்கிக்கொள்ளமாட்டார்கள். ஆனால் கைபேசியின் கணிப்பானுக்கு 13.6 என்றால் 13உம் பத்தில் ஆறும்தான். 6 நூல் என்பது எட்டில் ஆறு, அதாவது 0.75. 2 நூல் என்பது 0.25. ஆகவே சரியான எண்கள் 22, 13.75, 9.25 என்பனவாகும். கூட்டினால் சரியாக 45 வருகிறது. அட்டை பொய் சொல்லவில்லை.

இப்போது ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே 2.54ஆல் பெருக்கினோம். உயரம் 55.88, அகலம் 34.93, தடிப்பு 23.50. இண்டிகோவின் எல்லையோடு வைத்துப் பார்த்தால் அகலமும் தடிப்பும் அடங்குகின்றன, உயரம் 55ஐ விட 9 மில்லிமீற்றர் அளவுக்குக் கூடுகிறது. ஏர் ஏசியாவின் எல்லையோடு வைத்துப் பார்த்தால் உயரம் ஒரு மில்லிமீற்றர் மிச்சத்தில் அடங்குகிறது, அகலமும் அடங்குகிறது, ஆனால் தடிப்பு 23ஐ விட 5 மில்லிமீற்றர் கூடுகிறது. 115 என்ற தொகைக்குள் இரண்டு இடத்திலும் பத்திரமாக இருந்த பெட்டி, இரண்டு இடத்திலும், அதுவும் வேறு வேறு பக்கத்தில், எல்லையைத் தாண்டுகிறது.

மாமா இதை இலகுவில் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் மனக்கணக்கில் கெட்டிக்காரர். “22ஐ ரெண்டரையாலை பெருக்கினா 55தானே வருது, நீர் எங்கை 55.88 எடுத்தனீர்?” என்று கேட்டார். துணிக்கோ மரத்துக்கோ ஓர் அங்குலத்தை இரண்டரைச் சென்ரிமீற்றர் என்று கொண்டால் பெரிய நட்டம் வருவதில்லை. கைப்பெட்டியில் மட்டும் இந்தக் குறுக்குவழி மிகவும் பொல்லாதது, ஏனென்றால் அது பிழைக்கும் இடம் சரியாக எல்லைக்கோட்டின் மேலேயே வந்து விழுகிறது. 22 × 14 × 10 அங்குலப் பெட்டியொன்றை இரண்டரையால் பெருக்கிப் பாருங்கள், 55 × 35 × 25 என்று இண்டிகோவின் மூன்று எண்களும் அச்சொட்டாக வரும். இந்தப் பெட்டி அந்த எல்லைக்கென்றே செய்யப்பட்டது என்று எவரும் நம்பிவிடுவார்கள். உண்மையில் அது 55.88 × 35.56 × 25.40, மூன்று பக்கமும் கூடுதல், தொகையும் 116.84 ஆகி 115ஐத் தாண்டிவிடுகிறது. அங்குலத்துக்கு அரை மில்லிமீற்றருக்கும் குறைவான வித்தியாசம்தான், ஆனால் 22 அங்குலத்தில் அது ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றராகச் சேர்ந்துவிடுகிறது.

முழு எண்ணாக்கும்போதும் கவனம் வேண்டும். பெட்டியின் அளவை எப்போதும் மேல்நோக்கியே முழுமையாக்க வேண்டும். 23.50 என்று வந்ததை 23 என்று எழுதினால் ஏர் ஏசியாவுக்குச் சரியாகிவிட்டது போலத் தோன்றும், சட்டகம் அந்தத் தசமத்தை மன்னிக்காது. மாறாக, நிறுவனம் சொல்லும் எல்லையை அங்குலத்துக்கு மாற்றும்போது கீழ்நோக்கியே முழுமையாக்க வேண்டும். 55 சென்ரிமீற்றர் என்பது 21.65 அங்குலம். அதைச் சில விற்பனைப் பக்கங்கள் 22 என்று எழுதிவிடுகின்றன, அந்த 22ஐ நம்பி வாங்கிய பெட்டியைத் திரும்பச் சென்ரிமீற்றருக்கு மாற்றினால் 55.88 ஆகிவிடுகிறது. ஒரே அளவு அங்குலத்துக்கும் சென்ரிமீற்றருக்குமிடையே போய் வருவதற்குள் 9 மில்லிமீற்றர் வளர்ந்துவிடுகிறது. எங்களுக்கு வந்த பெட்டியின் உயரம் இதே எண்தான் என்பது தற்செயலானதென்று நான் நினைக்கவில்லை.

அரைச் சென்ரிமீற்றருக்காக எவர் மறிக்கப் போகிறார்கள் என்று மாமி கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கு விடை, கூடுதலாக இருக்கும் பக்கம் எதனால் ஆனது என்பதில் இருக்கிறது. துணியால் ஆன முன்பக்கப் பை அரைச் சென்ரிமீற்றர் புடைத்திருந்தால் கையால் அழுத்தி உள்ளே விடலாம். ஆனால் உயரம் என்பது சில்லின் அடியிலிருந்து மேல் கைபிடி வரை உள்ள அளவு. இரண்டு முனையும் கடினமான பிளாஸ்ரிக், இடையில் உலோகக் கம்பி. அது ஒரு மில்லிமீற்றர் கூட விட்டுக்கொடுக்காது. மாமியின் பெட்டியில் ஏர் ஏசியாவுக்குக் கூடிய தடிப்பு துணிப் பக்கத்தில் இருந்தது, இண்டிகோவுக்குக் கூடிய உயரம் கடினமான பக்கத்தில் இருந்தது. மலிவுக் கட்டணச் சேவையில் கைப்பெட்டி பெரிதென்று வாயிலில் முடிவானால் அதைக் கீழே ஏற்றுவதற்குத் தனியாகப் பணம் கேட்கப்படலாம், அந்தத் தொகை முன்கூட்டியே இணையத்தில் பொதிக்குக் கட்டுவதை விடப் பெரும்பாலும் அதிகம். அறுபது தாண்டிய ஒருவர் தனியாகப் போகும்போது அந்த இடத்தில் வாதாட வைப்பதில் எனக்கு விருப்பமில்லை. கனடாப் பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு வேறு பெட்டி வாங்குவதென்று முடிவாயிற்று.

இரண்டு விமானங்களில் ஒரே பெட்டியைக் கொண்டு போவதென்றால் எந்த எல்லையைப் பின்பற்றுவது என்பது அடுத்த வேலை. மூன்று பக்கங்களையும் பெரியதிலிருந்து சிறியதாக ஒழுங்குபடுத்திக்கொண்டு, ஒவ்வொரு வரிசையிலும் குறைந்த எண்ணை எடுக்க வேண்டும். ஒழுங்குபடுத்துவது அவசியம், ஏனென்றால் ஒரு நிறுவனம் உயரம் என்பதை இன்னொன்று நீளம் என்கிறது, மூன்றாவது ஒன்று அகலத்தை முதலில் எழுதுகிறது. பெயரைப் பார்த்து ஒப்பிட்டால் குழப்பமே மிஞ்சும். 55, 35, 25 என்பதையும் 56, 36, 23 என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கிடைப்பது 55, 35, 23. இதன் தொகை 113, அதாவது நாற்பத்து நாலரை லீனியர் அங்குலம் வரை. 45 என்று அட்டை போட்ட எந்தப் பெட்டியும் இந்தப் பயணத்துக்கு ஒத்துவராது என்பதை அளக்காமலே சொல்லிவிடலாம். தொகையின் பயன் அந்த அளவுதான். தொகை கூடினால் பெட்டி நிச்சயமாகத் தோற்கும், தொகை குறைந்தால் அது வெல்லும் என்று சொல்ல முடியாது.

அந்த 55, 35, 23இலிருந்து பக்கத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் குறைத்து 54, 34, 22 என்று எங்கள் எல்லையாக வைத்துக்கொண்டோம். பெட்டி நிரம்பும்போது புடைப்பதற்கும் அளவுநாடாவின் பிழைக்கும் அந்த இடைவெளி வேண்டும். கடையில் அங்குல நாடாதான் கையில் கிடைத்தாலும் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்காக அவற்றை நூலுக்கும் மாற்றி, கீழ்நோக்கி முழுமையாக்கி, ஒரு கடதாசியில் எழுதினேன். 21 அங்குலம் 2 நூல், 13 அங்குலம் 3 நூல், 8 அங்குலம் 5 நூல். மாமா அதை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் சட்டைப்பையில் வைத்தார்.

யாழ்ப்பாண நகரில், பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளில் பெட்டிகளை 20, 24, 28 என்று ஒற்றை எண்ணில்தான் அடுக்கி வைத்திருக்கிறார்கள். “கபின் சைஸ் அண்ணை, எல்லா பிளைற்றிலையும் விடுவாங்கள்” என்று கடைப் பெடியன் 20 என்று எழுதிய பெட்டியொன்றை எடுத்து வைத்தான். சில்லிலிருந்து கைபிடி வரை அது 21 அங்குலமும் 6 நூலும் இருந்தது. இதை 21.6 என்று கணிப்பானில் இட்டால் 54.86 வரும், 55க்குள் அடங்கிவிட்டதென்று வாங்கிக்கொண்டு போகலாம். 21.75 என்று இட்டால் 55.25 வரும், அடங்காது. நூலைத் தசமமாக எழுதும் பழக்கம் எந்த இடத்தில் காலை வாரும் என்பதை மாமாவுக்குக் காட்ட இதை விட நல்ல பெட்டி கிடைத்திருக்காது. அவர் சிரித்துக்கொண்டே அதைத் திருப்பிக் கொடுத்தார்.

கடைசியில் எடுத்தது அதே 20 என்று எழுதிய வேறொரு பெட்டி. சில்லுகள் உடம்புக்குள் பாதி புதைந்திருந்ததால் மொத்த உயரம் 53.5 சென்ரிமீற்றரில் நின்றது. அகலம் 34, தடிப்பு 21.5. முன்பக்கப் பை இல்லை, மாமிக்கு அது குறையாகப்பட்டது, எனக்கு அதுவே பிடித்த அம்சம். கூட்டினால் 109 சென்ரிமீற்றர், ஏறக்குறைய 43 லீனியர் அங்குலம். அட்டையில் 45 போட்ட பெட்டியோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இழந்த இடம் இரண்டு சேலைகளும் ஒரு துவாயும் வைக்கும் அளவுதான்.

பொருட்களை அடுக்கிய பிறகு மீண்டும் ஒரு முறை அளந்தோம், வெற்றுப் பெட்டியின் தடிப்பை நம்பக்கூடாது என்பதால். மாமி மகளுக்கென்று புழுக்கொடியல் பொதி ஒன்றை மூடியின் பக்கத்து வலைப்பைக்குள் செருகியிருந்தார். நடுவில் தடிப்பு 22.8 ஆகியிருந்தது. இண்டிகோவுக்கு அதனால் ஒன்றுமில்லை, ஏர் ஏசியாவின் 23க்கு இரண்டு மில்லிமீற்றர்தான் மிச்சம். பொதியைப் பெட்டியின் ஆழமான பக்கத்தில், கைபிடிக் கம்பிகள் இரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் படுக்க வைத்ததும் தடிப்பு பழையபடி 21.5க்கு இறங்கியது. அந்தப் பள்ளத்தைப் பலர் மேலே துணியை விரித்து வீணாக்கிவிடுகிறார்கள்.

பலாலியிலிருந்து சென்னைக்குப் போவது ஏ.ரி.ஆர். 72 என்ற சிறிய விமானம். அதன் மேல்தட்டுகள் பெரிய ஜெட் விமானத்தில் இருப்பவற்றைப் போல ஆழமானவையல்ல. ஆகவே அளவு சரியாக இருந்தாலும் சில்லுப் பெட்டியை விமானத்தின் படியடியில் வாங்கிக் கீழே ஏற்றிவிட்டு, இறங்கியதும் திருப்பித் தருவது இவ்வகை விமானங்களில் நடக்கக்கூடியதே. அப்படி வாங்கும்போது மேலதிகப் பணம் கேட்பது அளவு தப்பிய பெட்டிக்குத்தான் நேரும், இடமில்லாமல் கீழே போகும் பெட்டிக்கு அல்ல என்பதால், பக்கத்துக்குப் பக்கம் அளந்து வைத்திருப்பது இங்கேயும் கைகொடுக்கும். மருந்து, கடவுச்சீட்டு, நகை ஆகியவற்றோடு பவர் பேங்கையும் மாமியின் தோள்பைக்கு மாற்றினோம். பவர் பேங்க் கீழே ஏற்றும் பொதியில் இருக்கக்கூடாது, படியடியில் நின்று பெட்டியைத் திறந்து அதைத் தேடுவது சங்கடமான வேலை.

எடை தனிக் கணக்கு. 7 கிலோவென்று இருந்த எல்லைக்குள் புதுப் பெட்டியே இரண்டரைக் கிலோவை எடுத்துக்கொண்டது. கனடாவுக்கு நன்றி சொல்லித் தகவல் அனுப்பியபோது, அடுத்த முறை எவருக்காவது பெட்டி வாங்கினால் லீனியர் அங்குலத்தைப் பார்க்காமல், சில்லோடு சேர்த்த மூன்று பக்கங்களையும் சென்ரிமீற்றரில் கேட்டு அனுப்பச் சொல்லி, 54, 34, 22 என்ற மூன்று எண்களையும் மாமா தானே தட்டச்சுச் செய்து அனுப்பினார்.